அச்சிட்ட வாழ்த்தும் அனுப்பிவிட்ட படமும்

(ஏலூரில் நடந்த குடும்ப சங்கமத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு மாமா என்னை மடக்கினார். "அந்தக் காலத்துப் பொங்கல் அட்டையில் எல்லாருக்கும் ஒரே பாட்டு. இப்போ எல்லாருக்கும் ஒரே படம். இதிலே என்ன பெரிய வித்தியாசம்?" என்றார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று முயற்சி செய்கிறேன்.

அட்டையில் நாலு வரிப் பாட்டை ஏன் அச்சடித்தார்கள்? நமக்குப் பாட்டு எழுத வராது என்பது மட்டும் காரணமில்லை. உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அந்தக் காலத்தில் தபால் கட்டணம் குறைவு. ஆனால் உள்ளே இருப்பது அச்சடித்ததாக இருக்க வேண்டும். கையால் இரண்டு மூன்று சொல், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். குசலம் விசாரித்து நீட்டினால் அது கடிதம். கடிதத்துக்கான தபால்தலை வேண்டும். தலை குறைந்தால் குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கு வாங்குகிறவர் தலையில் விழும். ஆகவே கடையில் வாங்கும்போதே பாட்டைப் பார்த்துத்தான் வாங்குவோம். பெரியப்பாவுக்கு ஒன்று, ஆபீஸருக்கு வேறொன்று.

வாழ்த்துத் தந்தியும் இதே கதைதான். வாசகங்களுக்கு எண் உண்டு. கல்யாணத்துக்கு எட்டு அல்லது பதினாறு என்று எழுதிக் கொடுத்தால் போதும். கம்பியில் போவது எண். அந்தப் பக்கம் முழு வாக்கியமாக மாறும். 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது.

பிறகு செல்போன் வந்தது. ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 போகும். தமிழில் 70 தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்பது நம் கண்ணுக்குப் பன்னிரண்டு எழுத்து. போனுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 22. மூன்று தடவை எழுதினால் செய்தி நிறைந்துவிடும். நாலு வரிப் பாட்டுக்கு எங்கே போவது? போதாததற்கு, பல போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். பண்டிகை நாளில் சலுகை பாக் செல்லாது, முழுக் கட்டணம் என்று கம்பெனிகள் வேறு சொல்லும். முதல் நாள் ராத்திரியே 'pongal nalvazhthukkal' என்று தட்டி அனுப்பியவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள்.

படம் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. எழுத்தையே படமாக்கிவிட்டால் எந்தப் போனிலும் ஒரே மாதிரி தெரியும். பழைய அட்டையின் பானையும் கரும்பும் பாட்டும் அப்படியே திரும்பி வந்தன. படத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ் வாழ்த்தைப் போனுக்குள் கொண்டு வந்தது அதுதான்.

போனது என்ன? விலாசம். அட்டை அனுப்ப, அப்பா விலாச நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார். "இவர் வீடு மாறினாரே", "அவருக்கு இந்த வருஷம் தீட்டு, அனுப்பாதே" என்று அம்மா சொல்லுவாள். இருபது அட்டை அனுப்ப இருபது பேரை நினைக்க வேண்டும். படத்துக்கு அது தேவையில்லை. படத்தைப் படிக்கக்கூடத் தேவையில்லை. 2025 சித்திரை விஷுவன்று எனக்கு 'குரோதி வருஷ வாழ்த்து' மூன்று வந்தன. பிறந்தது விசுவாவசு. குரோதி முந்தின வருஷம். பழைய படம் என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வாட்ஸ்அப்காரர்களும் கடிவாளம் போட்டார்கள். 2018ல் 'Forwarded' என்ற அடையாளம் வந்தது. இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாது என்றார்கள். இரட்டை அம்பு தெரிந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறியது. 2020 ஏப்ரலிலிருந்து அதைத் தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம். ஆனால் படத்தைச் சேமித்துப் புதிதாக அனுப்பினால் அம்பு காணாமல் போய்விடும். ஆகவே அம்பு இல்லை என்பதால் அவரே செய்த படம் என்று நினைக்க வேண்டாம்.

இனி என் சொந்தக் கதை. கல்பாத்தியில் இருக்கும் என் அக்கா தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பிள்ளையார், ஒரு தாமரை, ஒரு சுபதினம் அனுப்புவாள். நான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். ஒரு நாள் போனில் இடமில்லை என்று வந்தது. அக்காவின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன். நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. காகிதத்தில் அவள் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அத்திம்பேருக்குக் கண் ஆபரேஷன், வியாழக்கிழமை, நீ கூட இருந்தால் தைரியம் என்று. அந்த வியாழன் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

பயந்துகொண்டே கூப்பிட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக நடந்திருந்தது. "ரெண்டு நீலக் கோடு விழுந்ததே, பார்த்துட்டேன்னு நெனச்சேன்" என்றாள், கோபமே இல்லாமல். படத்தைத் திறக்காமலே, அந்தப் பக்கத்தை ஒரு தடவை தொட்டு மூடினாலே கோடு நீலமாகிவிடும் என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வது?

அன்றே அவள் பெயருக்கு மட்டும் சத்தத்தைத் திருப்பி வைத்தேன். இன்று காலையும் ஆறு மணிக்கு மணி அடித்தது. தாமரைதான். திறந்து பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.