சேருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றது உயர்தர வகுப்பில், ஒரு விவாதப் போட்டியில். அன்று எதிரணிக்குச் சொல்ல வேண்டியதை நேரே சொல்லிவிட்டேன். எதிரணியும் என் வயதுதான். வேலைக்குப் போன பின்னர்தான் தெரிந்தது, எங்களைவிட இருபது வயது மூத்த ஒருவருக்கு, அதுவும் எங்கள் மேலதிகாரிக்கு, ஒரு விடயத்தை நேரே எழுதுவது எவ்வளவு கடினம் என்று. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் எழுதிய இரண்டு கடிதங்களைக் கொண்டு சொல்கிறேன். ஒன்று தோற்றது, மற்றது பலித்தது.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஒரு வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் வேலை. விடுதிக்குப் பொறுப்பான விசேட வைத்திய நிபுணர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். நல்ல வைத்தியர். நோயாளிகளின் பெயரை மறக்கமாட்டார். அவருக்கு முன்னால் நாங்கள் எவரும் உட்கார்ந்து பேசியதில்லை.

எங்கள் விடுதியில் ஓர் அவசர மருந்துத் தட்டு இருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் அவரே ஒழுங்குசெய்த தட்டு. அதில் பொட்டாசியம் குளோரைட் அம்பியூல்களும், ஊசி மருந்தைக் கரைக்கும் நீர் அம்பியூல்களும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இருந்தன. இரண்டும் 10 மில்லிலீற்றர், இரண்டுக்குள்ளும் இருப்பது நிறமற்ற திரவம். வைத்தியத்துறை சாராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொட்டாசியம் உடம்புக்குத் தேவையான உப்பு. சேலைனில் நன்றாக ஐதாக்கி, மணித்தியாலக் கணக்கில் மெதுவாக ஏற்றினால் மருந்து. ஐதாக்காமல் நேரே நாளத்துக்குள் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

ஓர் இரவு, அன்ரிபயோட்டிக் கரைப்பதற்கு நீரை எடுக்கப் போன தாதி பொட்டாசியத்தை எடுத்துவிட்டார். கையில் எடுத்ததும் லேபலை வாசித்து, திரும்ப வைத்தார். காலையில் என்னிடம் சொன்னார். அன்றே நான் சேருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியது; தமிழில் இப்படி வரும்:

“மதிப்பிற்குரிய சேர், தங்களது நீண்டகால அனுபவத்தின் முன் நான் இதைக் கூறுவது பொருத்தமோ தெரியவில்லை. தங்கள் வழிகாட்டலில் எமது விடுதி மிகச் சிறப்பாக இயங்கிவருகிறது. அவசர மருந்துத் தட்டிலுள்ள சில அம்பியூல்கள் ஒன்றையொன்று ஓரளவு ஒத்திருப்பதாகச் சிலர் கருதுகின்றனர். நேரம் கிடைக்கும்போது தாங்கள் இதனைக் கவனத்திற் கொள்வீர்களாயின் நன்றியுடையவளாவேன்.”

கடிதம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. மூலையில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டிருந்தார். கோப்பில் போட்டோம். தட்டு அப்படியே இருந்தது. சேர் அலட்சியம் செய்கிறார் என்று நான் மனதுக்குள் கோபித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, அதிகாலை மூன்று மணிக்கு, வேறொரு தாதி அதே தவறைச் செய்தார். இம்முறை மருந்து சிரிஞ்சுக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மற்றத் தாதி வெறும் அம்பியூலைக் கண்டு கையைப் பிடித்ததால் தப்பியது. கட்டிலில் இருந்தவர் இரண்டு பிள்ளைகளின் தாய். தனக்கு என்ன நடக்க இருந்தது என்று தெரியாமல், “பிள்ளை, தண்ணி கொஞ்சம் தாங்கோ” என்று கேட்டார்.

விடியுமுன்னரே பொட்டாசியம் அம்பியூல்களைத் தட்டிலிருந்து எடுத்து, விடுதிப் பொறுப்புத் தாதிய சகோதரியின் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். ஆனால் அது ஒருநாள் ஏற்பாடு. நிலையான மாற்றத்துக்கு சேருடைய கையொப்பம் வேண்டும். “நான் முதலே எழுதினனான், சேர் கணக்கெடுக்கேல்லை” என்று சகோதரியிடம் குறைப்பட்டேன். அவர் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டுச் சொன்னார்: “டொக்டர், இதிலை நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே. கேக்காததை சேர் எப்பிடித் தாறது?”

அப்போதுதான் என் கடிதத்தை அவருடைய கண்ணால் வாசித்துப் பார்த்தேன். ‘சில அம்பியூல்கள்.’ எவை? ‘ஓரளவு.’ எவ்வளவு? ‘சிலர் கருதுகின்றனர்.’ யார், எப்போது, என்ன நடந்தது? ‘நேரம் கிடைக்கும்போது.’ அப்படியானால் அவசரமில்லை. பணிவு என்று நினைத்து உண்மையையே தேய்த்துவிட்டிருந்தேன். மருந்தின் பெயர்கூட அதில் இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது கடதாசியில் கையொப்பமிடும் மனிதர் அதற்கு ‘பார்த்தேன்’ என்று எழுதியது முற்றிலும் சரியான பதில்.

இரண்டாவது கடிதத்துக்கு எங்கள் துறையில் பழக்கத்திலுள்ள ஓர் ஒழுங்கைப் பின்பற்றினேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வைத்தியத்துறைக்கு வந்த முறை அது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு பகுதி. இளையவர் மூத்தவருக்குச் சொல்லும்போது சுற்றிவளைக்காமல் இருக்க அது உதவும். கடிதம் இதுதான்:

“விடயம்: பொட்டாசியம் குளோரைட் அம்பியூல்களை அவசரத் தட்டிலிருந்து அகற்ற அனுமதி கோரல்.

மதிப்பிற்குரிய சேர்,

கடந்த ஒரு மாதத்தில் எமது விடுதியில் இரண்டு தடவை, கரைக்கும் நீர் என்று எண்ணிப் பொட்டாசியம் குளோரைட் எடுக்கப்பட்டது. இன்று அதிகாலை 3 மணிக்கு அது சிரிஞ்சுக்குள்ளும் எடுக்கப்பட்டுவிட்டது. நோயாளிக்கு ஏற்றப்படவில்லை.

இரண்டு அம்பியூல்களும் ஒரே அளவு, அருகருகே உள்ளன. இரண்டு சம்பவமும் இரவில் நடந்தன. பொட்டாசியம் உடனே கைக்கெட்ட வேண்டும் என்பதற்காகவே தாங்கள் இந்த ஒழுங்கைச் செய்தீர்கள் என்பதை அறிவேன்.

இதே ஒழுங்கு தொடர்ந்தால் இது மீண்டும் நடக்கும் என்பது எனது மதிப்பீடு.

பொட்டாசியம் அம்பியூல்களை மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பவோ, அது இயலாதெனில் விடுதியில் பூட்டிய சிவப்புப் பெட்டியில் வைத்து, இரு தாதியர் சரிபார்த்தே எடுக்கவோ அனுமதி தருமாறு வேண்டுகிறேன். இப்போது அவை சகோதரியின் அலமாரியில் உள்ளன. திங்கட்கிழமைக்குள் தங்கள் முடிவு கிடைத்தால் மற்ற ஒழுங்குகளைச் சகோதரியும் நானும் செய்துகொள்வோம்.”

இதில் மரியாதை குறைந்திருக்கிறதா? விளியில் இருக்கிறது. ‘தாங்கள்’ என்பதில் இருக்கிறது. அவர் அந்தத் தட்டை ஏன் அப்படி வைத்தார் என்ற காரணத்தை நான் சொன்னதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய மரியாதை. முடிவை அவரிடம் விட்டதிலும் இருக்கிறது. ஆனால் மருந்தின் பெயரிலும், எத்தனை தடவை என்பதிலும், எந்த நாளுக்குள் என்பதிலும் நான் பணிவைக் கலக்கவில்லை. தமிழ் இதற்கு வசதியான மொழி. ‘வேண்டுகிறேன்’, ‘அறிவீர்கள்’ என்ற வினைமுற்றே மரியாதையைச் சுமந்துகொள்ளும். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் எங்களுக்குப் பயம் வந்து, ‘ஒருவேளை’, ‘ஓரளவு’, ‘என்று தோன்றுகிறது’ என்று உண்மையின் மேல் பஞ்சை அடுக்குகிறோம். மன்னிப்பை ஒரு வசனத்தில் வைக்கலாம், எண்ணுக்குள் வைக்கக்கூடாது.

கடிதத்தை விடுதிச் சுற்று முடிந்த பின்னர், யாரும் இல்லாத நேரத்தில் கையிலே கொடுத்தேன். பணிப்பாளருக்குப் பிரதி அனுப்பவில்லை. மூத்தவர் ஒருவர் தன் விடுதியின் குறையை முதலில் தன் மேலதிகாரியிடமிருந்து கேள்விப்பட்டால், பிறகு அவர் குறையைப் பார்க்கமாட்டார், எங்களைத்தான் பார்ப்பார். அவர் பதில் தராவிட்டால் திங்கள் கழித்து ஒரு தடவை நினைவூட்டுவது, அதற்கும் பதில் இல்லையென்றால், “சேர், இதை உங்களுக்கூடாகப் பணிப்பாளருக்கு அனுப்புகிறேன்” என்று அவரிடமே சொல்லிவிட்டு அனுப்புவது என்று முடிவுசெய்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை.

ஆனால் கதை இனிமையாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். நான் இங்கு வாசித்த கடிதத்தில் ஒரு வசனத்தை விட்டுவிட்டேன். மூலக் கடிதத்தில், “பதினொரு ஆண்டுகளாக இந்த ஆபத்தை எவரும் கவனிக்கவில்லை” என்றும் எழுதியிருந்தேன். சேர் என்னைக் கூப்பிட்டு, அந்த வசனத்தில் விரலை வைத்தார். “அப்ப நான் பதினொரு வருசம் கண்ணை மூடிக்கொண்டோ இருந்தனான்?”

நான் வாயடைத்து நின்றேன். அவர் கேட்டது நியாயம். மற்ற வசனங்கள் எல்லாம் தட்டைப் பற்றியவை, அது மட்டும் ஆளைப் பற்றியது. அதை எடுத்துவிட்டால் என் வேண்டுகோள் ஒரு துளியும் பலவீனமடையாது. நேர்மை என்று நினைத்து எழுதினேன்; உண்மையில் அது முதல் கடிதத்துக்குப் பதில் வராத கோபம். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், அது தேவையில்லாத வசனம்” என்றேன். பேனையை எடுத்து அதை வெட்டினார். பிறகு, மருந்தகம் இரவில் பூட்டப்படுவதால் பொட்டாசியத்தை முழுவதுமாக விடுதியிலிருந்து எடுக்க முடியாது என்றார். அதை நான் யோசித்திருக்கவில்லை. பூட்டிய பெட்டிக்கும் இருவர் சரிபார்ப்புக்கும் அன்றே கையொப்பமிட்டார். நான் இரண்டு வழிகளை எழுதியிருந்தபடியால்தான் அவரால் ஒன்றை மறுத்து மற்றதை ஏற்க முடிந்தது.

ஒரு எல்லையையும் சொல்லவேண்டும். கடிதம் என்பது அடுத்த தவறைத் தடுக்க. நோயாளி இப்போது கட்டிலில் ஆபத்தில் இருந்தால் எழுதக்கூடாது. தொலைபேசியை எடுத்து, நித்திரையால் எழுப்பிச் சொல்லவேண்டும்.

இன்று எனக்கு நாற்பது கடந்துவிட்டது. இப்போது எனக்கு எழுதுகிறார்கள். போன மாதம் ஓர் இளம் வைத்தியர் வட்ஸ்அப்பில் நீண்ட செய்தி அனுப்பியிருந்தார். எனது அனுபவம், எனது வழிகாட்டல் என்று ஆறு வரி. ஏழாவது வரியில், ‘கிளினிக் நேரம் பற்றிச் சிறு சிரமம்.’ எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. என்னிடம் நேரே சொல்லப் பயப்படும்படி நான் எங்கோ நடந்திருக்கிறேன். “தங்கச்சி, எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்யவேணும், மூண்டு வரியிலை எழுதி அனுப்புங்கோ” என்று பதில் போட்டேன். பத்து நிமிடத்தில் வந்தது. அவர் கேட்டது நியாயமான மாற்றம். அடுத்த வாரமே செய்தோம்.

அந்தச் சகோதரி இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி முடித்ததும், இன்றும் அவருடைய கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: “இதிலை நான் என்ன கேட்டிருக்கிறன்?” ஒரு வசனத்தில் விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால், அந்தக் கடிதத்தை அனுப்புவதில்லை.