பகுதியெண்ணில் நிற்கும் ஐதரசன் புரோமைட்டு

கல்முனைக் கரையில் இந்த நேரத்துக்கு வானொலியைத் திருப்பியிருக்கும் உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகள் ஒரு தாளையும் பேனையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சும்மா கேட்டாலே போதும், கணக்கு கொஞ்சம்தான். ஐந்து வரித் தாக்கங்களை எழுதி, அவற்றிலிருந்து ஒரு வீதச் சமன்பாட்டை வெளியே எடுக்கிறார்களே, அந்தக் கைவேலையை இன்று எடைபோட்டுப் பார்க்கப் போகிறேன்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் ஒரு டியூசன் பரீட்சையில், ஐதரசனும் புரோமீனும் சேரும் தாக்கத்தின் வீதம் என்ன என்று கேட்டார்கள். ஒரு ஐதரசன், ஒரு புரோமீன், ஆகவே இரண்டு செறிவுகளின் பெருக்கம் என்று எழுதினேன். சேர் சிவப்புப் பேனையால் ஒரு பூச்சியம் போட்டார், பக்கத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை. அயடீனாக இருந்திருந்தால் என் விடை சரி. ஜெர்மனியில் மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890களிலேயே அதை அளந்து காட்டியிருந்தார். அதே போடன்ஸ்டைன், சாமுவேல் லிண்ட் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து ஐதரசனையும் புரோமீனையும் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் அளந்தபோதுதான், 1907இல், விசித்திரமான ஒரு விடை வந்தது. எழுதிக்கொள்ளுங்கள்:

வீதம் = k[H₂][Br₂]^½ / (1 + k′[HBr]/[Br₂])

புரோமீனுக்கு அரை வரிசை. அதைவிட விசித்திரம், விளைபொருளான ஐதரசன் புரோமைட்டு பகுதியெண்ணில் போய் நிற்கிறது. அதாவது, பிறந்த பிள்ளையே தாயின் வேலையை மறிக்கிறது. அளவீடு இருந்தது, விளக்கம் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு கழித்து, டென்மார்க்கில் கிறிஸ்டியன்சன், ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பெல்ட், ஹங்கேரியரான போலானி ஆகிய மூவரும் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சங்கிலித் தாக்கம்.

அவர்களுடைய ஐந்து வரி இதுதான்.

Br₂ → 2Br (k₁)
Br + H₂ → HBr + H (k₂)
H + Br₂ → HBr + Br (k₃)
H + HBr → H₂ + Br (k₄)
2Br → Br₂ (k₅)

முதல் வரி தொடக்கல். புரோமீன் பிணைப்பை உடைக்க மூலுக்கு 193 கிலோயூல் போதும், ஐதரசனை உடைக்க 436 வேண்டும். எனவே உடைவது புரோமீன்தான். இரண்டாம் மூன்றாம் வரிகள் பரவல். மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நூல் சுமந்த நாடா வலமிருந்து இடம், இடமிருந்து வலம் ஓடுகிறது, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் இழை துணியில் சேர்கிறது, நாடா மட்டும் தீர்வதில்லை. இங்கே புரோமீன் அணு போகும்போது ஐதரசன் அணுவாகிறது, திரும்பும்போது மறுபடி புரோமீன் அணுவாகிறது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ஐதரசன் புரோமைட்டு. ஐந்தாவது வரி முடிவுறுத்தல். இரண்டு புரோமீன் அணுக்கள் சந்தித்துச் சேர்ந்தால் இரண்டு நாடாவும் நின்றுபோகும்.

நாலாவது வரிதான் குறும்புக்காரன். ஐதரசன் அணு, புரோமீன் மூலக்கூறைத் தேடிப் போகும் வழியில், ஏற்கெனவே உருவான ஐதரசன் புரோமைட்டில் முட்டி அதை அழித்துவிடுகிறது. நாடா நிற்கவில்லை, நெய்த இழையை உருவிவிட்டது.

இனிக் கணக்கு. ஐதரசன் அணுவும் புரோமீன் அணுவும் பிறந்த உடனேயே செலவாகின்றன, செறிவு எப்போதும் மிகச் சொற்பம். ஆகவே அவை உண்டாகும் வேகமும் அழியும் வேகமும் சமம் என்று எடுக்கலாம். இதுதான் உறுதிநிலை அண்ணளவாக்கம். "அப்படியென்றால் அணுவின் செறிவு மாறவே மாறாதா?" என்று கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. மாறும். புரோமீன் குறையக் குறைய அதுவும் குறையும். மற்ற வேகங்களோடு ஒப்பிட்டால் அந்த மாற்றம் கணக்கில் சேராது, அவ்வளவுதான்.

ஐதரசன் அணுவுக்கு ஒரு சமன்பாடு, புரோமீன் அணுவுக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியே தீர்க்கப் போனால் தலை சுற்றும். கூட்டிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம், நாலாம் வரிகள் ஓர் அணுவை எடுத்து இன்னோர் அணுவைத் தருகிறவை, ஆகவே ஒன்றுக்கொன்று வெட்டுப்பட்டு மறைந்துவிடும். மிஞ்சுவது தொடக்கலும் முடிவுறுத்தலும் மட்டும்:

k₁[Br₂] = k₅[Br]²
[Br] = (k₁/k₅)^½ [Br₂]^½

அரை வரிசை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? ஒரு மூலக்கூறு உடைந்து இரண்டு அணு, இரண்டு அணு சந்தித்தால்தான் முடிவு. அந்த இரண்டுதான் வர்க்கமூலமாக வந்து நிற்கிறது. என் கண்ணுக்கு முழு வேலையிலும் அழகான இடம் இந்தக் கூட்டல்தான். பிள்ளைகள் இதைத் தாண்டி ஓடி, இறுதிச் சூத்திரத்தை மனனம் செய்கிறார்கள். மனனம் செய்தவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது அந்த அரையைத்தான்.

அடுத்து, ஐதரசன் அணுவின் சமன்பாட்டிலிருந்து

[H] = k₂[Br][H₂] / (k₃[Br₂] + k₄[HBr])

விளைபொருளின் நிகர வேகம் இரண்டாம், மூன்றாம் வரிகளின் கூட்டுத்தொகையிலிருந்து நாலாவதைக் கழித்தது. அதில் ஐதரசன் அணுவின் சமன்பாட்டைப் போட்டால் 2k₃[H][Br₂] என்று சுருங்கிவிடும். மேலே கண்டதைப் பிரதியிட்டு, மேலும் கீழும் k₃[Br₂]ஆல் வகுங்கள். 1907இல் கண்ட அதே சமன்பாடு வந்து நிற்கும். k என்பது 2k₂(k₁/k₅)^½, k′ என்பது k₄/k₃. ஒரே ஐதரசன் அணுவைப் புரோமீனும் ஐதரசன் புரோமைட்டும் இரண்டு பக்கம் நின்று இழுக்கின்றன. அதனால்தான் பகுதியெண்ணில் ஐதரசன் புரோமைட்டு தனியே நிற்காமல் புரோமீனோடு விகிதமாக நிற்கிறது.

அளந்த k′ ஏறத்தாழ 0.1. வெப்பநிலையை மாற்றினாலும் அது பெரிதாக அசையவில்லை, இரண்டு தாக்கங்களுக்குமே ஏவற்சக்தி சிறிது என்பதால். இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஐதரசன் 1 பங்கு, புரோமீன் 1 பங்கு. பாதி தாக்கம் முடிந்தபோது புரோமீன் 0.5, ஐதரசன் புரோமைட்டு 1. விகிதம் 2, பகுதியெண் 1.2. நாலாவது வரி இல்லாவிட்டால் இருக்க வேண்டிய வீதத்தில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, கவனமில்லாதவர் அளவீட்டுப் பிழை என்று விட்டுவிடுவார். 90 சதவீதம் முடிந்தபோது புரோமீன் 0.1, ஐதரசன் புரோமைட்டு 1.8. விகிதம் 18, பகுதியெண் 2.8. வீதம் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. தொடக்கத்தை மட்டும் அளந்து நிறுத்துகிறவருக்கு நாலாவது வரி கண்ணில் படவே படாது. சந்தேகம் தீர வேண்டுமா? தொடக்கத்திலேயே கொஞ்சம் ஐதரசன் புரோமைட்டைக் கலந்து பாருங்கள். வேகம் குறைந்தால் ஆள் பிடிபட்டான்.

அப்படியானால் அயடீன் ஏன் இந்த வித்தை காட்டவில்லை? அயடீன் அணு ஐதரசன் மூலக்கூறை உடைக்க மூலுக்கு சுமார் 138 கிலோயூல் ஏற வேண்டும், நாடா முதல் ஓட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. புரோமீனுக்கு 70. குளோரீனுக்கோ வெறும் 4 அளவில், ஏற்றமே இல்லை என்று சொல்லலாம். குளோரீனையும் ஐதரசனையும் கலந்து நம்மூர் நண்பகல் வெயிலில் வைத்தால் வெடிக்கும், செய்து பார்க்காதீர்கள். ஒளியின் ஒரு துணிக்கை ஒரு குளோரீன் மூலக்கூறை உடைத்தால், அதிலிருந்து ஓடும் சங்கிலி பல்லாயிரம் மூலக்கூறு வரை போகும்.

கடைசியாக ஒரு குறை. முதலாம், ஐந்தாம் வரிகளை நான் எழுதியது முழு உண்மையல்ல. இரண்டு புரோமீன் அணுக்கள் சேரும்போது மிஞ்சும் சக்தியை வாங்கிக்கொள்ள மூன்றாவது மூலக்கூறு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்த கையோடு பிரிந்துவிடும். உடைவதற்கும் அப்படியே ஒரு மோதல் வேண்டும். வெப்பத்தால் நடக்கும்போது அந்த மூன்றாமவர் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போவதால் நம் சமன்பாடு தப்பிக்கிறது. ஒளியால் புரோமீனை உடைத்தால் உடைவதற்கு மோதல் தேவையில்லை, சேர்வதற்கு மட்டும் தேவை. அப்போது வெட்டுப்படாது, வீதம் பாத்திரத்தின் மொத்த அமுக்கத்தையும் கேட்கும். உறுதிநிலைச் சமன்பாட்டில் k₁[Br₂]இன் இடத்தில் உறிஞ்சப்பட்ட ஒளியின் செறிவைப் போட்டு, k₅ பக்கத்தில் [M] சேர்த்து, நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.