மாயக் கிடங்கிலிருந்து வந்த பெட்டிகள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ட்யாலிங் கூப்மான்ஸ் என்ற டச்சுப் பொருளியல் அறிஞர் வாஷிங்டனில் நேச நாடுகளின் வணிகக் கப்பல் போக்குவரத்தைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தத் துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டும், இறக்கிவிட்டு வெறுங்கப்பலாக எங்கே திரும்ப வேண்டும் என்பதே அவருடைய கவலை. ஐந்து ஆண்டு கழித்து, அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய ஜார்ஜ் டான்சிக் அந்த வகைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் சிம்ப்ளெக்ஸ் முறை. சரக்கு அனுப்பும் செலவைக் குறைக்க இன்றும் கணினிகள் அதைத்தான் பெருமளவில் நம்பியிருக்கின்றன.

அந்த முறைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் ஒரு திட்டத்தைக் கையில் கொடுத்தால்தான் அது அசையும். கொடுத்த திட்டம் செலவு மிகுந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் படிப்படியாகத் திருத்திச் சிக்கனமாக்கிவிடும். ஆனால் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் திட்டம் ஒன்று இருந்தாக வேண்டும். அந்த முதல் திட்டத்தை யார் கண்டுபிடிப்பது?

டான்சிக் 1963-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அதன் சற்றே மாறிய வடிவம் GAMS என்ற மென்பொருளின் மாதிரித் தொகுப்பில் முதலாவதாக நிற்கிறது. இந்தப் பாடத்தைப் படித்த பலரும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். சியாட்டிலிலும் சான் டியாகோவிலும் இரண்டு டப்பா உணவு ஆலைகள். சியாட்டில் அதிகபட்சம் 350 பெட்டி தரும், சான் டியாகோ 600. வாங்கும் ஊர்கள் மூன்று: நியூயார்க்குக்குக் குறைந்தது 325 பெட்டி, சிகாகோவுக்குக் குறைந்தது 300, டொபீகாவுக்குக் குறைந்தது 275. தூரத்துக்கு ஏற்ற வாடகை. நியூயார்க்குக்கு எந்த ஆலையிலிருந்து அனுப்பினாலும் பெட்டிக்கு 225 டாலர். சிகாகோவுக்குச் சியாட்டிலிலிருந்து 153, சான் டியாகோவிலிருந்து 162. டொபீகாவுக்குச் சியாட்டிலிலிருந்து 162, சான் டியாகோவிலிருந்து 126. ஒரு பெட்டி டப்பா உணவை அனுப்ப 225 டாலரா என்று எந்த லாரிக்காரரும் சிரிப்பார். பாடப்புத்தகக் கணக்குகளில் விலைவாசி அப்படித்தான் இருக்கும்.

நிபந்தனைகள் இரண்டு விதமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆலைக்கு 'இதற்கு மேல் முடியாது'. ஊருக்கு 'இதற்குக் கீழே ஆகாது'.

முதல் விதம் மட்டும் இருந்தால் தொல்லையே இல்லை. ஒரு பெட்டியும் அனுப்பாமல் சும்மா இருப்பதும் ஒரு திட்டம்தான். ஆலைகளின் மிச்சம் 350, 600 என்று அப்படியே கிடக்கும், கணக்கு அங்கிருந்து கிளம்பும். இரண்டாம் விதம் வந்ததும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. நியூயார்க்குக்கு அனுப்பியதில் தேவைக்கு மேல் போனது எவ்வளவு என்று குறிக்க ஓர் உபரி மாறியை வைப்பார்கள். ஒன்றும் அனுப்பாத நிலையில் அந்த உபரியின் மதிப்பு 325 குறைவு, அதாவது எதிர்மறை எண். சிம்ப்ளெக்ஸ் முறையில் எந்த மாறியும் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது. ஆக, சும்மா இருப்பது இங்கே செல்லாத திட்டம்.

இந்த இடத்தில்தான் இரண்டு கட்ட முறை ஒரு தந்திரம் செய்கிறது. ஒவ்வோர் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு மாயக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்கிறது. நியூயார்க்கின் 325 பெட்டியும் மாயக் கிடங்கிலிருந்தே வந்துவிட்டன. சிகாகோவின் 300, டொபீகாவின் 275 பெட்டிகளும் அப்படியே. நிபந்தனைகள் காகிதத்தில் நிறைவேறிவிட்டன. கணிதத்தில் இவற்றுக்குச் செயற்கை மாறிகள் என்று பெயர். நம் கணக்கில் நிபந்தனைகள் ஐந்து. ஆகவே எப்போதும் ஐந்து மாறிகள் 'அடிப்படை' என்ற இருக்கையில் உட்கார்ந்திருக்கும், மற்றவை பூச்சியமாக வெளியே நிற்கும். தொடக்கத்தில் இருக்கையில் இருப்பவை இரண்டு ஆலைகளின் மிச்சமும் மூன்று மாயக் கிடங்குகளும்.

முதல் கட்டத்தில் உண்மையான வாடகையை யாரும் பார்ப்பதில்லை. 225, 153 எல்லாம் ஓரமாக இருக்கட்டும். மாயப் பெட்டிகளின் மொத்த எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே வேலை. இப்போது அது 325, 300, 275 சேர்ந்து 900. அதைப் பூச்சியமாக்க வேண்டும்.

நேயர்கள் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொண்டால் கூடவே வரலாம். சியாட்டிலிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்பத் தொடங்குவோம். ஒவ்வோர் உண்மைப் பெட்டி போய்ச் சேரும்போதும் ஒரு மாயப் பெட்டி குறையும். எதுவரை அனுப்பலாம்? சியாட்டிலில் இருப்பது 350, நியூயார்க் கேட்பது 325. இரண்டில் சிறியது 325, அங்கே நிற்க வேண்டும். நியூயார்க்கின் மாயக் கிடங்கு காலி, அது இருக்கையை விட்டு எழுந்துவிடும். அந்த இடத்தில் உண்மையான ஒரு தடம் உட்காரும். எழுந்த மாயக் கிடங்கை மறுபடி உள்ளே விடுவதில்லை. சியாட்டிலில் மிச்சம் 25, மாயப் பெட்டிகள் 575.

அடுத்து சான் டியாகோவிலிருந்து சிகாகோவுக்கு 300. மாயம் 275 ஆகிறது. பிறகு சான் டியாகோவிலிருந்து டொபீகாவுக்கு 275. மாயம் பூச்சியம். மூன்றே அடியில் முதல் கட்டம் முடிந்துவிட்டது. இருக்கையில் இப்போது மூன்று உண்மைத் தடங்களும், ஆலைக்கு 25 என்று இரண்டு மிச்சங்களும் இருக்கின்றன. இதுவே முதல் ஏற்புடைய அடிப்படை. லாரிகள் நாளைக் காலையே இந்தத் திட்டப்படி கிளம்பலாம்.

செலவு எவ்வளவு என்று இப்போதுதான் பார்க்கிறோம்: 1,56,375 டாலர். இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. மாயக் கிடங்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மை வாடகையைக் கொண்டுவருகிறார்கள். சிகாகோவுக்குச் சான் டியாகோவை விடச் சியாட்டிலிலிருந்து அனுப்பினால் பெட்டிக்கு 9 டாலர் மிச்சம். ஆனால் சியாட்டிலில் மீதி 25 பெட்டிதானே? அந்த 25-ஐ மாற்றினால் 225 டாலர் குறைகிறது.

அதன்பிறகு கணக்கு ஒரு சுற்றுவழியைக் காட்டுகிறது. நியூயார்க்குக்கு எங்கிருந்து அனுப்பினாலும் ஒரே விலை. அப்படியானால் நியூயார்க்கின் பொறுப்பில் ஒரு பகுதியைச் சான் டியாகோ ஏற்றுக்கொள்ளட்டும். அதனால் விடுபடும் சியாட்டில் பெட்டி சிகாகோவுக்குப் போகட்டும். பெட்டிக்கு அதே 9 டாலர் மிச்சம். 275 பெட்டிகளை இப்படித் திருப்பினால் செலவு 1,53,675 டாலருக்கு வந்து நிற்கிறது. இனி எந்தத் தடத்தைத் தொட்டாலும் செலவு குறையாது.

இரண்டு கட்டங்களையும் ஒன்றாகவே முடிக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. மாயப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி டாலர் அபராதம் என்று வைத்து, ஒரே கணக்காகப் போடும் வழி உண்டு. காகிதத்தில் அழகாக இருக்கும். கணினியிலோ அந்தப் பெரிய எண்ணை எவ்வளவு வைப்பது என்பதே தலைவலி. போதாமல் வைத்தால் மாயப் பெட்டியே மலிவாகத் தெரியும். மிகப் பெரிதாக வைத்தால் நம் 9 டாலர் வித்தியாசம் சுற்றெண் பிழையில் கரைந்துபோகும். கட்டங்களைப் பிரிப்பதே தெளிவு.

முதல் கட்டம் பூச்சியத்துக்கு வராமல் நின்றுவிட்டால்? டொபீகா திடீரென்று 375 பெட்டி கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதே வழியில் போனால் சான் டியாகோவின் 600-ம் தீர்ந்து, சியாட்டிலின் கடைசி 25-ம் டொபீகாவுக்குப் போன பிறகும் 50 மாயப் பெட்டிகள் மிஞ்சும். எந்த மாற்றமும் அதைக் குறைக்காது. கணக்குக்குத் தீர்வே இல்லை என்பதற்கு அந்த 50 ஒரு நிரூபணம். காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். முதல் கட்ட அட்டவணையின் கடைசி வரியில் எந்தெந்த நிபந்தனைகளுக்குப் பூச்சியமல்லாத எடை இருக்கிறதோ, அவையே ஒன்றோடொன்று மோதுகின்றன. இங்கே ஐந்துமே மோதுகின்றன: கேட்பது 1,000, இருப்பது 950. கண்ணாலேயே தெரிகிற விஷயம்தான். நூற்றுக்கணக்கான கிடங்குகளும் அடைபட்ட சில தடங்களும் இருக்கும் கணக்கில், மொத்த இருப்பு போதுமானதாக இருந்தும் நான்கு ஊர்கள் மட்டும் பட்டினி கிடக்கலாம். எந்த நான்கு என்று அந்த எடைகள் சொல்லிவிடும்.

இதைவிட நுணுக்கமான ஒரு கண்ணி உண்டு. மாயப் பெட்டிகள் பூச்சியமாகிவிட்டன, ஆனால் ஒரு மாயக் கிடங்கு மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. டொபீகாவின் தேவையை முன்போல 275-க்கே இறக்கிவிட்டு, சான் டியாகோவின் திறனை 550 ஆக்கிப் பார்ப்போம். இருப்பும் தேவையும் துல்லியமாக 900. முதல் இரண்டு அடிகள் முன்போலவே. மூன்றாம் அடியில் டொபீகாவுக்கு 250 பெட்டியோடு சான் டியாகோ தீர்ந்துவிடுகிறது. டொபீகாவில் குறை 25, சியாட்டிலில் மிச்சமும் 25. அதை அனுப்பியதும் இரண்டும் ஒரே நொடியில் பூச்சியமாகின்றன. யார் எழுவது? இருக்கையிலிருந்து ஒருவரைத்தான் எழுப்ப முடியும். சியாட்டிலின் மிச்சத்தை எழுப்பினால், டொபீகாவின் மாயக் கிடங்கு பூச்சியம் என்ற மதிப்போடு உட்கார்ந்தே இருக்கும்.

அதைக் கவனிக்காமல் இரண்டாம் கட்டத்துக்குப் போனால் நடப்பது இது. சியாட்டில்–டொபீகா வாடகை 162 டாலர். அந்த 25 பெட்டியை அனுப்பாமல் சியாட்டிலிலேயே வைத்துக்கொண்டால் 4,050 டாலர் மிச்சம் என்று கணக்கு கண்டுபிடிக்கும். டொபீகாவின் குறையை மாயக் கிடங்கு நிரப்பிக்கொள்ளும். இரண்டாம் கட்டத்தில் அதற்கு விலை இல்லை, மதிப்பு ஏறுவதால் எந்தத் தடையும் அதை நிறுத்தாது. திட்டம் மலிவாகத் தெரியும், டொபீகாவுக்கு அந்த 25 பெட்டி வந்திருக்காது. விடையின் செலவு நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், ஒவ்வோர் ஊருக்கும் வந்த பெட்டிகளைத் தனித்தனியே கூட்டிப் பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் எளிய வழி.

மருந்து சுலபம். இரண்டாம் கட்டத்துக்கு முன்பே அந்த மாயக் கிடங்கின் வரியில் பூச்சியமல்லாத எண்ணுள்ள உண்மையான மாறி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே சியாட்டிலின் மிச்சமே இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால் போதும். பூச்சியத்துக்குப் பூச்சியம் என்பதால் திட்டத்தில் ஒரு பெட்டியும் அசையாது. அப்படிப்பட்ட மாறி ஒன்றுகூட இல்லையென்றால், அந்த நிபந்தனை மற்றவற்றிலிருந்தே கிடைத்துவிடுகிற உபரி வரி; அதை அடித்துவிட்டு, மீதி வரிகளோடு இரண்டாம் கட்டத்தைத் தொடங்கலாம்.