தரை ஏறினாலும் தண்ணீர் இறங்க வேண்டும்

எங்கள் பள்ளி வாசலில் மழைநீர் வடிகால் அமைத்த பிறகும் தண்ணீர் தேங்கியது. காரணத்தை வகுப்பில் கழித்தல் கணக்காகவே போட்டுப் பார்த்தோம்.

முதல் மேன்ஹோலில் தரைமட்டம் 12.40 மீட்டர். அங்கிருந்து குழாயின் உள்ளடி வரை ஆழம் 1.20 மீட்டர். கழித்தால் உள்ளடி மட்டம் 11.20.

தண்ணீர் போகவேண்டிய அடுத்த மேன்ஹோல் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தரைமட்டம் 12.55. ஆழம் அதே 1.20 என்பதால் உள்ளடி 11.35. அதாவது, குழாய் 15 சென்டிமீட்டர் மேலேறுகிறது!

அங்கே 1.50 மீட்டர் தோண்டியிருந்தால் உள்ளடி 11.05 ஆகியிருக்கும். இறக்கம் 0.15, அதை 30ஆல் வகுத்தால் 200க்கு 1 என்ற சரிவு.

ஆழம் சமமானால் குழாய் மட்டமாக இருக்கும் என்றே மாணவர்கள் முதலில் சொன்னார்கள். ஆழங்களை ஒப்பிடாமல், உள்ளடி மட்டங்களை ஒப்பிடச் சொல்லுங்கள்.