அருஞ்சொல்லும் பழம்பாட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரபு அகராதிகளும் பண்டைய அரபுப் பாடல்களும் திருக்குர்ஆனின் அருஞ்சொற்களுக்குப் பொருள் காண எங்ஙனம் துணை நின்றன என்பது எனக்களிக்கப்பட்ட பொருள். கடலனைய இப்பொருளை ஒரே ஒரு சொல்லைக் கொண்டு விளக்க முற்படுகிறேன். அச்சொல் 'தகவ்வுஃப்' என்பதாகும்.

குர்ஆனின் பதினாறாம் அத்தியாயத்தில், 45 முதல் 47 வரையுள்ள வசனங்களில், தீய சூழ்ச்சி செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை வருகிறது. பூமி அவர்களை விழுங்கிவிடலாம். அவர்கள் அறியாப் புறத்திலிருந்து வேதனை வரலாம். நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பிடிக்கப்படலாம். அல்லது 'தகவ்வுஃப்' நிலையில் பிடிக்கப்படலாம். இவ்வளவும் சொல்லிய பின்னர், இறைவன் இரக்கமும் கருணையும் உடையவன் என்று வசனம் முடிகிறது.

அரபு கற்கத் தொடங்கியவரும் இச்சொல்லின் வேரை அறிவர். 'கவ்ஃப்' என்றால் அச்சம். ஆகவே 'அஞ்சியிருக்கும் நிலையில் பிடிக்கப்படுதல்' என்று பொருள் கொள்ளத் தோன்றும். அது பிழையன்று, உரையாசிரியர் சிலர் அவ்வாறே கொண்டனர். அறியாப் புறத்திலிருந்து வரும் தண்டனைக்கு எதிர்நிலையாக, வருமென எதிர்பார்த்து அஞ்சியிருக்கையில் வரும் தண்டனை என்பது அவர்கள் கருத்து. ஆனால் வேறொரு சாரார், 'சிறிது சிறிதாகக் குறைத்தல்' என்று உரை எழுதினர். அச்சத்திற்கும் குறைவிற்கும் என்ன தொடர்பு? இங்கேதான் பழம்பாட்டு சாட்சியாக வந்து நிற்கிறது.

ஸமக்ஷரீ (இறப்பு 1144), பைளாவீ போன்றோரின் உரைகளில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகிறது. கலீஃபா உமர் அவர்கள் மேடையில் நின்று இச்சொல்லின் பொருளை அவையோரிடம் வினவினார்கள். அவை வாய்திறக்கவில்லை. ஹுதைல் குலத்து முதியவர் ஒருவர் எழுந்து, "இது எங்கள் வழக்கு, குறைத்தல் என்பது பொருள்" என்றார். "அரபுகள் தம் பாடல்களில் இதனை அறிவரா?" என்று உமர் கேட்க, முதியவர் ஒரு பாட்டைச் சொன்னார். நெடும்பயணம் போன பெண் ஒட்டகத்தின் உயர்ந்து திரண்ட திமிலைச் சேணம் உராய்ந்து உராய்ந்து தேய்த்துவிட்டது. வில் செய்யும் வன்மரக் கொம்பை அரம் தேய்ப்பதுபோல அது இருந்தது என்பது அப்பாட்டின் கருத்து. தேய்த்தல் என்னும் வினை இரு இடத்தும் இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. அது கேட்ட உமர், அறியாமைக் காலத்துப் பாடல்களைப் பற்றிக்கொள்ளுமாறும், வேதத்தின் விளக்கம் அவற்றில் உள்ளதென்றும் கூறினார்கள் என்பது செய்தி.

இப்பாட்டின் வலிமை எங்கே உள்ளது? சேணத்திற்கு அச்சம் இல்லை, அரத்திற்கும் இல்லை. அச்சம் என்னும் பொருளை இவ்வடியில் எவ்வகையாலும் பொருத்த இயலாது. நல்ல மேற்கோளின் இலக்கணம் இதுவே. சொல் வந்திருத்தல் மட்டும் போதாது. மாற்றுப்பொருளுக்கு இடங்கொடாத இடத்தில் அது வந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டுமல்லவா? முதல் வினா: பாடியவர் யார்? நூலுக்கு நூல் விடை மாறுகிறது. அபூ கபீர், ஸுஹைர், இப்னு முக்பில், துர்ரும்மா எனப் பல பெயர்கள் வருகின்றன. அபூ கபீர் ஹுதைல் குலத்தவர். முதியவரின் கூற்றோடு அவர் பெயர் பொருந்தும். ஸுஹைர் அக்குலத்தவர் அல்லர். துர்ரும்மாவோ 735 அளவில் மறைந்தவர். உமர் கொல்லப்பட்டது 644இல். பாட்டு அவருடையதாயின், அது உமரின் முன் பாடப்பட்டிருக்க முடியாது.

இரண்டாம் வினா: நிகழ்ச்சியின் பழைய வடிவம் எது? ஸமக்ஷரீக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட தபரீயின் (இறப்பு 923) உரையில் இதே வினாவை உமர் எழுப்புகிறார்கள். ஆனால் அங்கே ஹுதைல் முதியவரும் இல்லை, பாட்டும் இல்லை. அவையிலிருந்து வெளியே சென்ற ஒருவர் நாட்டுப்புற அரபு ஒருவரைச் சந்திக்கிறார். அவர் பேச்சினிடையே இச்சொல், சற்றே திரிந்த வடிவில், 'குறைத்தேன்' என்னும் பொருளில் விழுகிறது. கேட்டவர் திரும்பி வந்து உமரிடம் சொல்கிறார். மேடையும் பாட்டும் அறிவுரையும் கொண்ட வடிவம் பிற்கால நூல்களில் நாம் காண்பது. ஆகவே உமரின் அறிவுரையாக வழங்கும் கூற்றை ஐயமற்ற வரலாறாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

அவ்வாறாயின் பொருளும் வீழ்ந்துவிட்டதா? இல்லை. கதை வேறு, சொல்வழக்கு வேறு. பாடியவர் துர்ரும்மாவே எனினும், அவர் பாலைவன வழக்கில் பாடியவர். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வாழ்ந்த இத்தகையோர் பாடல்களை மொழியறிஞர் சான்றாக ஏற்றனர். தபரீ தரும் நாட்டுப்புற அரபின் பேச்சோ, பாட்டைச் சாராமல் தனித்து நிற்கும் சாட்சி. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இனி அகராதிக்கு வருவோம். இப்னு மன்ழூர் 1290இல் முடித்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியில் இவ்வேரின்கீழ் இப்பொருளும் இதே பாட்டும் இதே இறைவசனமும் உள்ளன. ஈண்டு ஒரு பெரும் பிழை நேர்வதுண்டு. "உரைநூலும் சொல்கிறது, அகராதியும் சொல்கிறது, சாட்சிகள் இரண்டு" என்று எண்ணிவிடுகிறோம். உரையாசிரியர் அகராதியிலிருந்தும், அகராதியாசிரியர் உரையிலிருந்தும் எடுத்திருப்பாராயின் சாட்சி ஒன்றே. மேலும் 'லிஸான்' தனக்கு முற்பட்ட ஐந்து நூல்களைத் திரட்டியெழுதிய தொகுப்பு. அவற்றுள் அஸ்ஹரீயின் 'தஹ்தீபுல் லுகா' ஒன்று. இவ்விரண்டையும் காட்டி இரு சான்று தந்ததாகக் கூறுதல் ஒருவனையே இருமுறை கூண்டிலேற்றுவதாகும். ஆதலின், அகராதியில் ஒரு பொருளைக் கண்டதும், இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடத்தல் வேண்டும்.

அவ்வாறு பின்னோக்கி நடந்தால் சில இடங்களில் நூல் முடிந்து மனிதர் குரல் கேட்கும். அஸ்ஹரீ (இறப்பு 980) ஹஜ்ஜுப் பயணத்தில் கர்மதியரின் தாக்குதலில் சிறைப்பட்டு, பாலைவன அரபுகள் சிலரின் பங்காக விழுந்தார். அவர்களோடு நெடுங்காலம் அலைந்து, அவர்கள் தம்முள் பேசியதைக் கேட்டுக் கற்றதாகத் தம் நூல் முகவுரையில் எழுதுகிறார். அடிமைப்பட்ட காலம் அகராதிக்கு விளைநிலமாயிற்று. அவர் தம் காதால் கேட்டதாகச் சொல்லும் இடங்களுக்குத் தனி மதிப்புண்டு.

அன்பர்களே! இத்துணை ஆராய்ச்சியும் ஒரு சொல்லுக்காகவா என்று கேட்கலாம். அச்சம் என்று கொண்டால், நடுங்கும் மக்கள்மீது இடி விழுகிறது. தேய்த்தல் என்று கொண்டால், செல்வமும் ஊரும் உறவும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஒவ்வொரு குறைவும் திரும்பி வருவதற்கு ஓர் அவகாசமாகிறது. வசனம் கருணையில் முடிவது அப்போது இயல்பாகப் பொருந்துகிறது. இப்பொருத்தம் துணைச் சான்றேயன்றித் தலைமைச் சான்றாகாது. அச்சம் எனப் பொருள் கொண்டோரும், இறைவன் உடனே தண்டிக்கவில்லை என்பதே கருணை என்று விடை கூற வல்லவர். என் மனம் இரண்டாம் பொருளின்பால் சாய்கிறது. முதற்பொருளைத் தள்ளிவிடும் துணிவு எனக்கில்லை.

ஒட்டகத்தின் முதுகைத் தேய்த்த சேணம் ஓர் இறைவசனத்திற்கு உரை சொல்ல வந்த கதை இது.