கைகழுவும் விதி: ஆய்வுகளைத் தேடலும் எடைபோடலும்



மருத்துவமனைப் பணியாளர் கைகழுவும் விதியை எவ்வளவு கடைப்பிடிக்கின்றனர் என்னும் ஆய்வுகளைத் தொகுக்க முற்படும் நாம், முதலில் தேடுசொற்களை வகுத்தல் வேண்டும். ஒரே பொருளை ஆய்வாளர் வெவ்வேறு சொற்களால் குறிப்பர். ஆதலின் பப்மெட் தளத்தில் இவ்வாறு தேடுவோம்:

```
("hand hygiene" OR handwashing) AND (compliance OR adherence)
```

கிடைத்தவற்றை அளந்த முறைப்படி பிரிப்போம்: நேரில் நோக்கியவை, பணியாளரையே கேட்டறிந்தவை, கருவியால் எண்ணியவை.

ஜெனீவாவில் சுவரொட்டிகளும் ஆல்ககால் கரைசலும் கொண்டு நடந்த இயக்கத்தில், 1994இல் 48 விழுக்காடாயிருந்த கடைப்பிடிப்பு 1997இல் 66 ஆயிற்று. ஆயினும் இயக்கம் நடவாத வேறொரு மருத்துவமனையை அவர்கள் உடன்வைத்து ஒப்பிடவில்லை. உயர்வு முழுதும் இயக்கத்தின் பயனே எனக் கூறவியலாது.

கனடாவில் கருவியால் எண்ணிய 2014ஆம் ஆண்டு ஆய்வில், நோக்குவோர் கண்ணெதிரில் பணியாளர் கரைசல் எடுத்தது ஏறத்தாழ மும்மடங்காயிற்று. ஆகவே ஒவ்வொரு விழுக்காட்டின் அருகிலும், அளந்தவர் யார், அளக்கப்பட்டோர் அதனை அறிந்திருந்தனரா என்பதையும் எழுதுவோம்.