"எப்படி?" கடைசியில வரட்டும்

காவாந்தண்டலத்துல ஒருத்தர் தன் நிலத்துப் பட்டாவை போன்ல எடுக்கத் தேடுறார்னு வைங்க. நம்ம தலைப்பு "புதியவர்களுக்கான எளிய, முழுமையான வழிகாட்டி: பட்டா…"ன்னு இருந்தா, அவருக்கு வேண்டிய சொல் வர்றதுக்குள்ள தலைப்பு வெட்டுப்பட்டுடும். "பட்டா சிட்டா ஆன்லைனில் எடுப்பது எப்படி?" போதும். தமிழ்ல பொருள் முதல்லயே வந்துடுது, அது நமக்கு வசதி.

அடுத்தது `HowTo` மார்க்கப். கூகுள் தேடல்ல படிகள் அழகா தெரியும்னுதான் எல்லாரும் சேர்த்தோம். 2023 ஆகஸ்ட்ல மொபைல்லயும் செப்டம்பர்ல டெஸ்க்டாப்லயும் கூகுள் அதை நிறுத்திடுச்சு. பழசு இருந்தா கிடக்கட்டும், கெடுதல் இல்ல. உங்க சொந்த ஆப்போ தேடலோ அதைப் படிக்குதுன்னா மட்டும் புதுசா எழுதுங்க. மத்தபடி மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண்ணுன்னு படிகளை சாதாரண `<ol>` பட்டியல்ல வரிசையா போட்டாலே வாசிக்கிறவர் வழி தவற மாட்டார்.